மாவுப் பாக்கெட்டும் பத்தாயிரம் கோடியும்

புதிதாகத் தொழில் தொடங்கி முதலீடு தேடிப் போகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க சந்தை எவ்வளவு பெரிசு?" அதற்குப் பதிலாக, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைத் திரையில் காட்டுவது வழக்கம். ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் டாம், சாம், சோம் என்பார்கள். வெளி வட்டம் மொத்தச் சந்தை: இந்தத் தேவை உள்ள எல்லோரும் வாங்கினால் வரக்கூடிய பணம். நடு வட்டம் எட்டும் சந்தை: நம் பொருளும் விலையும் வண்டியும் போய்ச் சேரக்கூடிய பகுதி. உள் வட்டம் கிட்டும் சந்தை: இருக்கிற ஆளையும் பணத்தையும் வைத்து, போட்டிக்கு நடுவே, ஓரிரண்டு ஆண்டுகளில் உண்மையாகவே கைக்கு வரக்கூடிய விற்பனை.

இந்த மூன்றையும் ஒரு தொழிலில் பொருத்திப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஒரு பெண் இட்லி, தோசை மாவைப் பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வருவதில் மக்கள்தொகைக் கணக்கு மட்டும் அரசின் கணக்கெடுப்பு. மற்ற எண்கள், இப்படி ஒருவர் முதல் நாள் எழுதிப் பார்க்கக்கூடிய ஊகங்கள்.

மேலிருந்து தொடங்குவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1.85 கோடி குடும்பங்கள். வளர்ச்சியைச் சேர்த்து 2 கோடி என்போம். ஒரு குடும்பம் வாரத்துக்கு 2 கிலோ மாவு செலவழிக்கிறது, கிலோ 50 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 5,200 ரூபாய். 2 கோடியால் பெருக்கினால் 10,400 கோடி ரூபாய். ஸ்லைடில் போட அழகான எண்தான். ஆனால் அதில் பெரும்பங்கு, யாரும் யாருக்கும் கொடுக்காத பணம். வீட்டுக் கிரைண்டரில் அரைத்த மாவுக்குப் பாக்கெட் விலை போட்டுக் கூட்டியிருக்கிறோம். தேவை இருக்கிறது, செலவு இல்லை. மொத்தச் சந்தையைச் சொல்லும்போது இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

இதே கேள்வியில் 2014இல் பெரிய ஆட்கள் இருவர் மோதினார்கள். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவரும், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நிதித்துறைப் பேராசிரியருமான அஸ்வத் தாமோதரன், ஊபர் நிறுவனத்தை மதிப்பிட்டார். உலக டாக்ஸிச் சந்தை 10,000 கோடி டாலர், அதில் ஊபருக்கு 10 சதவீதம் என்று வைத்து, நிறுவனத்தின் மதிப்பு சுமார் 590 கோடி டாலர் என்றார். முதலீட்டாளர்களோ அப்போதுதான் 1,700 கோடி டாலர் மதிப்பில் பணம் போட்டிருந்தார்கள். ஊபரில் முதலீடு செய்திருந்த பில் கர்லி பதில் எழுதினார். டாக்ஸியில் ஏறுகிறவர்களை மட்டும் எண்ணுவது தவறு, காத்திருக்க வேண்டாம் என்றால் இதுவரை ஏறாதவர்களும் ஏறுவார்கள், சிலர் சொந்தக் கார் வாங்குவதையே விட்டுவிடுவார்கள், ஆகவே சந்தை 25 மடங்கு வரை பெரிதாக இருக்கலாம் என்பது அவர் வாதம். 2019இல் ஊபர் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 8,200 கோடி டாலர். தாமோதரன் கூட்டிக் கழித்ததில் பிழை இல்லை. எதைச் சந்தை என்று எடுத்துக்கொண்டார் என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் கர்லியின் வாதத்தை எல்லோரும் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. பழக்கம் மாறுகிறது என்பதற்குக் கண்ணெதிரே அடையாளம் வேண்டும். மாவுத் தொழிலில் அந்த அடையாளம் வீட்டுக் கிரைண்டர். பாக்கெட் வாங்கும் ஒருவரிடம், "அக்கா, கிரைண்டர்ல கடைசியா எப்ப மாவு அரைச்சீங்க?" என்று கேட்க வேண்டும். "போன வாரம்கூட அரைச்சேனே, ஊருக்குப் போய்ட்டு வந்ததால இன்னிக்கு மட்டும் வாங்கறேன்" என்றால் அவர் அவசரத்துக்கு வாங்குகிறவர். "அது பரண் மேல ஏறி ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றால் வெளி வட்டத்தில் இருந்த ஒரு வீடு உண்மையாகவே உள்ளே வந்துவிட்டது. நாம் கேட்டதில் எத்தனை பேர் எந்தப் பதிலைச் சொல்கிறார்கள் என்பதுதான், 10,400 கோடியில் எவ்வளவு செலவாக மாறிவருகிறது என்பதற்கான சான்று.

அடுத்து நடு வட்டம். மாவு உயிருள்ள பொருள். குளிரில் வைத்தாலும் நான்கைந்து நாளில் புளித்துவிடும். ஆகவே எட்டும் சந்தை கோவை மாநகராட்சி எல்லைக்குள்தான். 2011இல் அங்கே ஏறத்தாழ 16 லட்சம் பேர். இன்றைக்கு 5 லட்சம் குடும்பங்கள் என்போம். ஐந்தில் இரண்டு குடும்பம் மாவை வெளியே வாங்குகிறது, அதில் பாதி தெருமுனைக் கடையில் பாத்திரம் கொண்டுபோய் வாங்குகிறது, மீதிப் பாதிதான் பாக்கெட் என்று வைத்தால், 1 லட்சம் குடும்பங்கள். கடைக்காரரின் கமிஷன் போகக் கிலோவுக்கு 42 ரூபாய்தான் நம் கைக்கு வரும். பலர் இங்கே கடை விலையிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 42 ரூபாயில் பார்த்தால் எட்டும் சந்தை ஆண்டுக்குச் சுமார் 44 கோடி.

இந்த இடத்தில்தான் அந்த வாக்கியம் வரும்: "இதில் 5 சதவீதம் பிடித்தாலே 2.2 கோடி." எனக்கு இதைவிடக் கவலை தரும் வரி வேறில்லை. அந்த 5 எங்கிருந்து வந்தது? எந்தக் கடையிலிருந்தும் வரவில்லை. சின்ன எண்ணாகத் தெரிந்ததால் வந்தது. உள் வட்டத்தை நடு வட்டத்தின் ஒரு சதவீதமாக எழுதவே கூடாது. அதைக் கீழிருந்துதான் கட்ட வேண்டும்.

கீழே என்றால், விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பும் ஒரு குட்டியானை. பெட்டியில் மாவுப் பாக்கெட்டுகள். கடை கடையாக நின்று, பழையதில் உப்பிப்போன பாக்கெட்டைத் திரும்ப எடுத்து, புதியதை ஃப்ரிட்ஜில் அடுக்கி, கையெழுத்து வாங்கி, காலை வியாபாரம் முடிவதற்குள் ஒரு வேன் 40 கடைதான் ஏறும் என்போம். கடைக்கு 10 கிலோ விற்றால் ஒரு வேனுக்கு நாளைக்கு 400 கிலோ. ஆண்டில் 360 நாள் ஓடினால் சுமார் 60 லட்சம் ரூபாய். 2.2 கோடிக்கு நான்கு வேனும் 146 கடையும் வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. சதவீதமாக இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத வேலை இது.

அந்தப் 10 கிலோவும் இன்னும் ஊகம்தான். அதைச் சரிபார்க்க நடக்க வேண்டும். கோவையில் 100 வார்டுகள். வசதியான பகுதி ஒன்று, மில் தொழிலாளர்கள் இருக்கும் பகுதி ஒன்று, புதிதாக வளர்ந்த புறநகர் ஒன்று என மூன்று வார்டுகளில், ஃப்ரிட்ஜில் மாவு வைத்திருக்கும் கடைகளை எண்ணி, எல்லா பிராண்டும் சேர்த்து நாளைக்கு எத்தனை கிலோ போகிறது என்று விசாரிக்கிறார் நம் ஆள். சராசரியாக வார்டுக்கு 12 கடை, கடைக்கு 12 கிலோ என்று வந்தால் என்ன ஆகும்?

100 வார்டுக்கும் சேர்த்து நாளைக்கு 14,400 கிலோ. மேலிருந்து வந்த கணக்கு, 1 லட்சம் குடும்பம் வாரத்துக்கு 2 கிலோ என்பது, நாளைக்கு 28,500 கிலோவைத் தாண்டுகிறது. பாதிக்குப் பாதி இடிக்கிறது. பலர் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் இத்தனை நடையும் வீண். எங்கே இடிக்கிறது என்று தேடுவதுதான் வேலை. பாக்கெட் வாங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒரு கிலோதான் வாங்குகிறார்களோ? தெருமுனைக் கடைகளின் பங்கு நினைத்ததைவிடப் பெரிதோ? சூப்பர் மார்க்கெட்டிலும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளிலும் விற்பதை எண்ணாமல் விட்டோமோ? முதல் இரண்டும் உண்மையானால் எட்டும் சந்தை 22 கோடியாகச் சுருங்குகிறது. மூன்றாவது உண்மையானால் சந்தை சுருங்கவில்லை. நம் வேன் போகும் வழிதான் தவறு.

அதைவிட முக்கியமான உடைசல் வேறிடத்தில். ஒரு கடையின் மொத்த விற்பனையே 12 கிலோ என்றால், அதில் நமக்கு 10 கிலோ என்பது இருக்கிற பிராண்டுகளையெல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து இறக்கினால்தான் நடக்கும். புதியவருக்கு மூன்றில் ஒரு பங்கு, 4 கிலோ கிடைத்தாலே நல்ல தொடக்கம். அதையும் விற்றுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். "வெச்சுட்டுப் போங்க, வித்தா காசு தர்றேன்" என்று கடைக்காரர் சொல்வது ஆர்டர் ஆகாது. ஒரு மாதம் வைத்துப் பார்த்து, மூன்றாம் வாரத்தில் அவராகவே போன் செய்து கேட்கும் அளவையும், திரும்பி வரும் பாக்கெட்டையும் கழித்து எழுத வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும். குளிர்ந்த மார்கழியில் மட்டும் சோதித்துவிட்டு ஆண்டுக் கணக்கை எழுதினால் ரிட்டன் குறைவாகத் தெரியும்.

4 கிலோ என்று வைத்தால் ஒரு வேனுக்கு நாளைக்கு 160 கிலோ, 6,720 ரூபாய். இரண்டு வேன், 80 கடை, முழு ஆண்டு என்றால் சுமார் 48 லட்சம். 80 கடையும் முதல் நாளே கிடைத்துவிடாது. மாதாமாதம் சேர்ந்து ஆண்டுக் கடைசியில்தான் நிறையும் என்றால், முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ அதில் பாதி, 24 லட்சம். கிட்டும் சந்தை இதுதான். 2.2 கோடிக்கு அருகில்கூட இல்லை. ஆனால் இந்த 24 லட்சத்துக்குப் பின்னால் கடையும் வேனும் கிலோவும் இருக்கின்றன. முதலீட்டாளர் எந்த எண்ணைத் தொட்டுக் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

தொழிலை நடத்தவும் இந்தக் கணக்குதான் உதவுகிறது. ஓட்டுநர் சம்பளம், டீசல், வண்டித் தவணை சேர்த்து ஒரு வேனுக்கு நாளைக்கு 1,500 ரூபாய் என்றால், 6,720 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வண்டியே விழுங்குகிறது. அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி எல்லாம் மீதியில்தான். மொத்தச் சந்தை 10,400 கோடியானாலும் 20,000 கோடியானாலும் இந்த வேனுக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடாது. நிறுத்தத்துக்கு எத்தனை கிலோ இறங்குகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

அப்போது வேறு வாடிக்கையாளர் கண்ணில் படுவார்: மெஸ், ஹாஸ்டல், சிறு டிபன் கடை. கிலோ 36 ரூபாய்க்குத்தான் எடுப்பார்கள், ஆனால் ஒரே நிறுத்தத்தில் 25 கிலோ. வழியில் பத்துக் கடையைக் குறைத்து ஐந்து மெஸ்ஸைச் சேர்த்தால், அதே வேன் நாளைக்கு 9,540 ரூபாய்க்கு விற்கும். வண்டிச் செலவின் பங்கு ஆறில் ஒன்றுக்குக் கீழே இறங்கும். வீடுகளை மட்டும் எண்ணிய நம் முதல் கணக்கில் இந்த மெஸ்கள் இல்லவே இல்லை. ஆகவே வெளி வட்டத்தையும் திருத்தி எழுத வேண்டும். அதற்கு முன்னால் மெஸ் வாசலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது: மாவை நீங்களே அரைக்கிறீர்களா, வாங்கினால் எத்தனை நாளில் காசு கொடுப்பீர்கள்?