நுகர்வோர் ஆணைய நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது

ஃபிரிட்ஜ் விற்கும் சிறு கடைக்காரர் ஒருவருக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலிருந்து பதிவுத் தபால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பக்க நோட்டீஸ், கூடவே தடிமனான புகார் மனு. நோட்டீஸின் சாரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "உங்கள் மீது புகார் ஏற்கப்பட்டுள்ளது. அதன் நகல் இத்துடன் உள்ளது. நகல் கிடைத்த 30 நாட்களுக்குள் உங்கள் தரப்பை எழுத்தில் தாக்கல் செய்யுங்கள். ஜூலை 28 காலை 10.30 மணிக்கு நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகுங்கள். தவறினால் நீங்கள் இல்லாமலேயே வழக்கு விசாரிக்கப்படும்."

இதில் ஜூலை 28 மட்டும்தான் பலர் கண்ணில் படும். அன்று போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். தபால் ஜூன் 5 அன்று கைக்கு வந்திருந்தால், 30 நாள் ஜூலை 5-இலேயே முடிந்துவிடும். ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம். அதாவது ஜூலை 20 வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. நோட்டீஸுடன் புகாரின் நகலும் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். நகல் இல்லையென்றால் அன்றே எழுதிக் கேளுங்கள்.

பதிலுரையைப் புகாரின் பத்தி எண்களை ஒட்டியே எழுத வேண்டும். "மூன்று முறை சொல்லியும் மெக்கானிக் வரவில்லை" என்று 4-ஆம் பத்தி சொன்னால், "எல்லாம் பொய்" என்று மறுப்பது வீண். "மார்ச் 12 அன்று மெக்கானிக் வந்தார், கம்ப்ரசரில் பழுதில்லை, வோல்டேஜ் ஏற்ற இறக்கமே காரணம் என்று எழுதிக் கொடுத்தார், வாடிக்கையாளர் கையெழுத்திட்டார்" என்பதுதான் பதில். விற்றது உண்மையென்றால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மறுக்காமல் விட்ட பத்தியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. வாங்கியவர் இரண்டு ஆண்டு கழித்துப் புகார் செய்திருந்தாலோ, பழுதுக்குப் பொறுப்பான தயாரிப்பாளரைச் சேர்க்காமல் விட்டிருந்தாலோ அதையும் பதிலுரையிலேயே எழுப்ப வேண்டும்.

சொன்னதற்குச் சான்று வேண்டும். பில், வாரண்டி அட்டை, கையெழுத்துள்ள ஜாப் ஷீட் ஆகியவற்றை எண்ணிட்டுப் பட்டியலுடன் இணைக்க வேண்டும். கடைக்காரரின் பிரமாண வாக்குமூலமும், முடிந்தால் மெக்கானிக்கின் வாக்குமூலமும் சேர்ந்தால் ஜாப் ஷீட் நிற்கும். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் கொடுத்தால் எதிர்ப்பு வரும். பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படியான சான்றிதழும் சேர்த்துக் கொடுங்கள், அசல் போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். தொகை பெரிதென்றால் வைத்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் பதிலுரையின் ஒரு நகலில் ஆணைய அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இணையவழி தாக்கல் என்றால் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.