லேபிளில் உள்ள 500 எதைச் சொல்கிறது? மூலிகைத் தூக்க மருந்துகளின் அளவுக் கணக்கு

வலேரியன் என்று பெயர் போட்ட இரண்டு மாத்திரைப் புட்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மாத்திரைக்கு 500 மில்லிகிராம் என்றே அச்சிட்டிருக்கிறது. முதல் புட்டியில் இருப்பது காய்ந்த வேரை இடித்த வெறும் தூள். இரண்டாவதில் இருப்பது வேரைச் சாராயத்தில் ஊறவைத்து வற்றவைத்த சாரம். அதன் லேபிளில் சின்ன எழுத்தில் 4:1 என்று இருக்கும். நான்கு பங்கு வேரிலிருந்து ஒரு பங்கு சாரம் எடுத்தார்கள் என்று அதற்குப் பொருள். ஆக, முதல் மாத்திரையில் அரை கிராம் வேர். இரண்டாவதில் இரண்டு கிராம் வேரிலிருந்து இறங்கிய சத்து. 'அதே 500 தானே' என்று ஒன்றை விட்டு மற்றதற்கு மாறுகிறவர், தெரியாமலே அளவைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறார்.

வேரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வலேரியனில் வலேரினிக் அமிலமும் அதன் இனத்துப் பொருள்களும் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துநூல் ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது. முழு வேருக்கு அது 0.17 சதவீதம். அதற்கு மேல் எவ்வளவு இருக்கும் என்பது செடியின் ரகம், மண், பறித்த பருவம், காயவைத்த சூடு எல்லாவற்றையும் பொறுத்தது. வேரில் உள்ள வேறு சில பொருள்கள் சூட்டிலும் நாள்பட்ட இருப்பிலும் சிதைந்துவிடும். உறக்கம் தருவது இன்ன பொருள்தான் என்று உறுதியாகாததால், ஒரே ஒரு பொருளை அளந்து லேபிளில் போட்டாலும் மருந்தின் முழு வீரியம் அதில் தெரியாது.

சாமந்தி இனத்தைச் சேர்ந்த கெமோமில் பூவுக்கும் இதே கதைதான். ஒரு பையை வெந்நீரில் இரண்டு நிமிடம் நனைத்து எடுத்த டீயும், மூடிவைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்த டீயும் ஒன்றல்ல. பூவின் சாரத்தை அடைத்த கேப்சூல் இரண்டைவிடவும் செறிவானது. டீயைப் பொதுவாக மென்மையானது என்று சொல்லலாம். அந்த நம்பிக்கையைக் கேப்சூலுக்கும் நீட்டிக்கக் கூடாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையோடு இவை சேரும்போதுதான் அளவு தெரியாதது ஆபத்தாகிறது. நம் மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் பிரேக் போன்ற வேதிப்பொருள் காபா. அல்பிரசோலம், லோரசெபம், குளோனசெபம், ஜோல்பிடெம் எல்லாம் அந்தப் பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்கவைப்பவை. வலேரியனும் கெமோமிலும் ஓரளவுக்கு அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. ஆரோக்கியமான சிலருக்கு இரவுதோறும் 1000 மில்லிகிராம் வலேரியன் சாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அல்பிரசோலத்தின் ரத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் அளவு ஏறாமலே மூளையில் இரண்டின் விளைவும் கூடலாம் என்பதுதான் கவலை.

மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளைப் பாருங்கள். லோரசெபம் சாப்பிட்டுவந்த ஒருவர் வலேரியனையும் பாசிப்பூ சாரத்தையும் தாமாகச் சேர்த்துக்கொள்ள, கை நடுக்கமும் தலைசுற்றலும் தசைச் சோர்வும் வந்தன. 1996இல் வெளியான இன்னொரு பதிவில், அல்பிரசோலம் உட்பட மூன்று மருந்துகள் எடுத்துவந்த 54 வயது அமெரிக்கர், பசிபிக் தீவுகளின் கவா வேரை மூன்று நாள் சாப்பிட்டார். தன்னிலை மறந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார், சில மணி நேரத்துக்குப் பின் தெளிந்தார். அவருடைய மருந்துகளில் ஒன்றான சிமெடிடின் அல்பிரசோலத்தை உடலில் தேங்கவைப்பது. ஆகவே பழி முழுவதையும் கவாவின் மேல் போட முடியாது. ஆனால் பல மருந்து சாப்பிடுகிறவர்தான் பெரும்பாலும் மூலிகையையும் தேடிப்போகிறார்.

சில சமயம் மூலிகை என்ற பெயரில் வேறொன்று ஒளிந்திருக்கும். 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'ஸ்லீப்பிங் புத்தா' என்ற மூலிகை கேப்சூலை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. அதில் எஸ்டசோலம் என்ற தூக்க மருந்தே கலந்திருந்தது. மூலிகை மாத்திரை முதல் இரவிலேயே அடித்துப்போட்டதுபோல் தூங்கவைத்தால் சந்தேகப்படுவது நல்லது.

நம் ஊர் அமுக்கராவுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சூரணம் வேறு, செறிந்த சாரம் வேறு. தூக்க மாத்திரையோடு அதைச் சேர்ப்பவர் டாக்டரிடம் லேபிளின் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும். தூளா சாரமா, விகிதம் எவ்வளவு, எத்தனை மாத்திரை என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து நிபுணருக்கும் தெரிவிக்க வேண்டும். மது குடிப்பவர்கள், டிரமடால் போன்ற வலி மருந்து எடுப்பவர்கள், தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்கள், வயதானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலையில் தெளியாத மந்தம், குழறும் பேச்சு, இரவில் எழுந்து நடக்கையில் தள்ளாட்டம் ஆகியவை அளவு மிஞ்சியதன் அறிகுறிகள். எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

பயந்துபோய் டாக்டர் தந்த மாத்திரையை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்ட அல்பிரசோலத்தையோ லோரசெபத்தையோ சட்டென விட்டால் வலிப்புகூட வரலாம். புதிதாகச் சேர்த்த மூலிகையை எப்படி நிறுத்துவது என்பதை டாக்டரிடமே கேளுங்கள். அதிக அளவில் நெடுநாள் எடுத்த வலேரியனையும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.