1729-ஐத் தேடி மூலையிலிருந்து ஒரு நடை

ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729. இரண்டு கன எண்களின் கூட்டலாக இருவேறு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சொன்ன கதை நமக்குப் பழகியதுதான். அந்த இரண்டு விதங்களையும் நாமே கண்டுபிடிக்க வேண்டுமானால் எப்படித் தேடுவது?

12 நிரைகளும் 12 நிரல்களும் கொண்ட கட்டம் ஒன்றைப் போடுங்கள். குறுக்கே ஓடுவது நிரை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல். நிரை எண்ணின் கனத்தையும் நிரல் எண்ணின் கனத்தையும் கூட்டி, அவை சந்திக்கும் கட்டத்தில் எழுத வேண்டும். 13-இன் கனமே 2197 ஆகிவிடுவதால் பன்னிரண்டோடு நிறுத்தலாம். இந்த அட்டவணையில் வலப்பக்கம் போனாலும் எண் பெருகும், கீழே போனாலும் பெருகும். மொத்தம் 144 கட்டங்கள். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை.

மேல் வலது மூலையில் நில்லுங்கள். முதல் நிரை, 12-ஆம் நிரல்: 1 + 1728 = 1729. முதல் விடை நின்ற இடத்திலேயே கிடைத்துவிட்டது! இந்த நிரையில் இடப்பக்கம் இருப்பவை எல்லாம் 1729-ஐவிடச் சிறியவை; இந்த நிரலில் கீழே இருப்பவை எல்லாம் பெரியவை. ஆகவே இரண்டையும் அடித்துவிட்டு, 2-ஆம் நிரை, 11-ஆம் நிரலுக்குப் போகலாம். அங்கே 8 + 1331 = 1339. போதாது. அந்த நிரையில் மிச்சமிருப்பவற்றில் இதுதான் பெரியது என்பதால் நிரை முழுவதும் வீண், கீழே இறங்குகிறோம். அடுத்தடுத்து 1358, 1395, 1456, 1547, 1674 என்று எதுவும் எட்டவில்லை. 8-ஆம் நிரையில் 512 + 1331 = 1843. இது அதிகம். இந்த நிரலில் இனி வரப்போகும் எண்கள் இதையும்விடப் பெரியவை. ஆகவே இப்போது நிரலைக் கைவிட்டு இடப்பக்கம் நகர்கிறோம். 512 + 1000 = 1512, குறைவு. ஒரு படி கீழே இறங்கினால் 729 + 1000 = 1729. இரண்டாவது விடையும் வந்துவிட்டது. இதற்கு மேல் நிரை எண் நிரல் எண்ணை முந்திவிடுவதால், கண்டதே இடம் மாறித்தான் வரும். பார்த்தவை பத்தே கட்டங்கள். அட்டவணையை எழுதி வைக்கக்கூடத் தேவைப்படவில்லை, அவ்வப்போது கூட்டிக்கொண்டாலே போதும்.

எல்லாம் மூலையைத் தேர்ந்ததில் இருக்கிறது. மேல் இடது மூலையில் நின்றால் அங்கே இருப்பது அட்டவணையிலேயே சிறிய எண். தேடுவது அதைவிடப் பெரியது என்று தெரிந்து என்ன பயன்? வலப்பக்கமும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். நடுவில் நின்றால் கால்பகுதி கழியும், ஆனால் மிச்சம் ‘ட’ போல மூலை வெட்டிய வடிவத்தில் கிடக்கும். மேல் வலது மூலையிலோ, நிற்கும் எண் தன் நிரையில் பெரியது, தன் நிரலில் சிறியது. எந்தப் பதில் வந்தாலும் ஒரு முழு நிரையோ முழு நிரலோ போய்விடும். கீழ் இடது மூலைக்கும் இதே தகுதி உண்டு.

காலக் கணக்கும் இதிலேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு நிரையோ நிரலோ கழிகிறது. இருப்பதோ 12-ம் 12-ம்தான். எவ்வளவு மோசமானாலும் 23 பார்வைக்குள் தேடல் முடியும். பக்கம் ஆயிரமானால் கட்டங்கள் பத்து லட்சம். பார்வைகளோ 1999-ஐத் தாண்டாது. டேவிட் கிரீஸ் 1981-இல் வெளியிட்ட நிரலாக்க நூலில் குதிரைச் சேணத்தை நினைவூட்டும் ஒரு பெயரில் வரும் முறை இதுதான்.

இதைவிடக் கெட்டிக்கார முறை உண்டா? எந்த எண்ணும் இருக்கக்கூடிய பொதுவான சதுர அட்டவணைக்குக் கிடையாது. ஏன் என்பது எனக்கு இந்த முறையைவிடவும் பிடித்த பகுதி. மேல் வலது மூலையையும் கீழ் இடது மூலையையும் இணைக்கும் சாய்கோட்டில் 12 கட்டங்கள். அவை எல்லாவற்றிலும் 1728 இருக்கட்டும். அதற்கு அடுத்த சாய்கோட்டின் 11 கட்டங்களிலும் 1730. மேலே உள்ளவை இன்னும் சிறியவை, கீழே உள்ளவை இன்னும் பெரியவை. இந்த 23 கட்டங்களில் எந்த ஒன்றை மட்டும் 1729 ஆக மாற்றினாலும் ஏறுவரிசை குலையாது. ஆகவே ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டு ‘1729 இல்லை’ என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஏறுவரிசை ஏதோ ஓரிடத்தில் பிசகியிருந்தால் இந்த நடை அதைக் கண்டுகொள்ளாது. இருக்கும் எண்ணையே இல்லை என்று சொல்லிவிடக்கூடும். சதுரமாக இல்லாத அட்டவணையிலும் யோசிக்க வேண்டும். 10 நிரை, பத்து லட்சம் நிரல் என்றால் மூலையிலிருந்து நடப்பவர் லட்சக்கணக்கான அடி வைக்க நேரலாம். அங்கே ஒவ்வொரு நிரையையும் பாதி பாதியாகப் பிளந்து தேடினால் நிரைக்குச் சுமார் 20 பார்வை. மொத்தம் 200-இல் வேலை முடிந்துவிடும்.