வாசலை அலங்கரித்தவர் யார்? பண்டிகைக்கால நிழற்படப் போட்டி அறிவிப்பு

சென்ற ஆண்டுப் போட்டியில் பரிசு பெற்ற நிழற்படத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உத்தரகாண்ட் மாநிலத்தின் குமாவுன் மலைப்பகுதியில் ஒரு பழைய வீடு. செங்காவி பூசிய வாசற்படி. அதன்மேல் அரிசிமாவுக் கோடுகள். நிலையின் இருபுறமும் அகல் விளக்குகள். படத்தை அனுப்பியவர் தில்லியில் பணிபுரியும் வாடிக்கையாளர். பரிசுத்தொகை அவர் கணக்கில் சேர்ந்த மறுவாரம் அவரிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. படியை எழுதியவர் தம்முடைய அத்தை என்றும், தாம் செய்ததெல்லாம் கைபேசியை நீட்டியது மட்டுமே என்றும், இதழில் அத்தையின் பெயர் எங்குமே இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அந்தப் பெயரைக் கேட்கும் கட்டம் எங்கள் விண்ணப்பத்தில் இல்லை. பிழை எங்களுடையது. இவ்வாண்டு விதிகளை அக்கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் வகுத்தோம்.

அந்தப் படியில் இருந்த கலைக்கு ஐப்பண் என்று பெயர். 2021ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதலில் கேரு எனப்படும் செங்காவியை நீரில் குழைத்துப் படி முழுவதும் பூசி நன்கு உலர விடுகிறார்கள். ஊறவைத்த அரிசியை மைய அரைத்து நீர்விட்டுக் கரைத்த குழம்பு பிஸ்வார். அதில் விரல்களைத் தோய்த்துக் கோடுகளை இழுக்கிறார்கள், தூரிகை கிடையாது. தீபாவளிக்கு இலக்குமியின் பாதங்களும் உண்டு. கையை முட்டியாக மடக்கி அதன் பக்கவாட்டைக் குழம்பில் தோய்த்து ஒற்றினால் பாதம். விரல் நுனியால் புள்ளிகள் வைத்தால் கால்விரல்கள். பாதங்கள் வாசலிலிருந்து உள்ளே பூசை அறையை நோக்கி நடக்க வேண்டும்.

கடிதத்தில் அந்த அத்தை சொன்னதாக ஒரு செய்தியும் இருந்தது. படி எழுதுவோருக்கும் படம் எடுப்போருக்கும் அது ஒருசேர உதவும். காவி ஈரமாக இருக்கும்போது எழுதினால் கோட்டின் ஓரங்கள் கசிந்து இளஞ்சிவப்பாகிவிடும். விரலால் தொட்டால் குளிர்ச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டே அவர் தொடங்குவாராம். காவி உலர்ந்த பிறகு எழுதினாலும் பிஸ்வார் உடனே வெண்மையாகத் தெரிவதில்லை. ஈரத்தில் அது கண்ணாடிபோல் மங்கியிருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். எழுதி முடித்த கையோடு எடுத்த படங்களில் கோலமே தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். சென்ற ஆண்டு அப்படி வந்த படங்களை, கோலம் சரியில்லை என்று எண்ணி ஒதுக்கினோமோ என்ற ஐயம் எங்களுக்கு இப்போது உண்டு.

ஆகவே கோலம் உலரும்வரை பொறுத்திருங்கள். விளக்குகளோடு எடுக்க விரும்பினால், சூரியன் மறைந்தபின் வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும் கால்மணி நேரமே உகந்தது. அதற்குப் பிறகு சுடர் மட்டும் தெரியும். வாசல் இருளில் மறையும். ஃபிளாஷைத் தவிருங்கள், அது சுடரின் ஒளியை அழித்து மாவுக்கோட்டை வெறும் வெள்ளையாக்கிவிடும். நிலையின் நடு உயரத்திற்குக் கைபேசியைத் தாழ்த்தி நேராகப் பிடித்தால் கதவு சாய்ந்து தெரியாது. படிக்கோலம் முதன்மையானால் சற்று மேலிருந்து எடுக்கலாம்.

போட்டி ஐப்பணுக்கு மட்டும் உரியதன்று. மகாராட்டிரத்தில் தசராவுக்குக் கட்டும் செவ்வந்தி, மாவிலைத் தோரணமும், குசராத்தின் கண்ணாடி பதித்த துணித் தோரணமும், ஒடிசாவில் மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் அரிசிக் குழம்பால் எழுதும் ஜோட்டிக் கோலமும், கேரள வீடுகளில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும், உங்கள் தெருவின் இழைக்கோலமும் வரலாம். பூவையும் விளக்கையும் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒட்டுத்தாளில் அச்சிட்ட ஆயத்தக் கோலங்களை ஏற்பதில்லை. வாசலின் அகலத்திற்கோ கதவின் விலைக்கோ மதிப்பெண் கிடையாது. ஒற்றை அறை வீட்டின் படியும் போதும்.

பங்கேற்கும் முறை இது. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையிலான நாள்களில் எடுத்த படமாக இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஒரு படமே அனுப்பலாம். நம் வங்கியின் கைபேசிச் செயலியில் உள்நுழைந்தால் முகப்பில் 'வாசல்' என்னும் பகுதி இருக்கும். அங்கே படத்தைப் பதிவேற்றி, படம் எடுத்தவர் பெயரையும் வாசலை அலங்கரித்தவர் பெயரையும் தனித்தனியே நிரப்புங்கள். இருவரும் ஒருவரேயானால் அதையும் குறிப்பிடலாம். எந்தப் பண்டிகை, எவற்றைக்கொண்டு அலங்கரித்தீர்கள் என்பதை ஐம்பது சொற்களுக்குள் எழுதுங்கள். அலங்கரித்தவரிடம் படத்தைக் காட்டி, வெளியிட இசைவு பெற்ற பின்னரே அனுப்புங்கள். செயலி பயன்படுத்தாதோர் அஞ்சலட்டை அளவில் அச்சிட்ட படத்தைத் தங்கள் கிளையில் கொடுக்கலாம். படிவம் அங்கேயே கிடைக்கும். கடைசி நாள் ஜனவரி 5. பங்கேற்கக் கட்டணம் இல்லை.

பரிசுகள் ஐந்து, ஒவ்வொன்றும் 10,000 ரூபாய். முதல், இரண்டாம் என்னும் வரிசையை விட்டுவிட்டோம். ஜோட்டியையும் ஐப்பணையும் எந்தத் தராசில் நிறுத்துவது? தொகை அலங்கரித்தவருக்குப் பாதியும் படம் எடுத்தவருக்குப் பாதியுமாகப் பிரியும். ஒருவரே இரண்டும் செய்திருந்தால் முழுவதும் அவருக்கே. அலங்கரித்தவர் நம் வாடிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை. அவர் உங்கள் வீட்டில் வேலை செய்பவராக இருந்தாலும் அப்பாதி அவருடையதே. வேறு வங்கியில் கணக்கிருந்தால் அங்கே செலுத்துவோம். கணக்கே இல்லையெனில், அவர் விரும்பினால் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கிளையில் தொடங்கலாம். இல்லையேல் கிளையிலேயே ரொக்கமாகப் பெறலாம். ஒரே பெரிய பரிசாக ஏன் வைக்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், 30 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டே கொடுக்க நேரும். பிடித்தம் இல்லாவிட்டாலும் பரிசுத்தொகை வருமானமே என்பதைக் கணக்குத் தாக்கல் செய்வோர் நினைவில் கொள்க.

தேர்வுக்குழுவில் மூவர் இருப்பர். பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட படங்களே அவர்களிடம் செல்லும். சமூக ஊடக விருப்பக்குறிகளை எண்ணும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். அதில் வென்றது வாசலன்று, உறவினர் எண்ணிக்கைதான்.

அனுப்புமுன் படத்தை ஒருமுறை அயலார் கண்ணால் பாருங்கள். கதவிலக்கம், பெயர்ப்பலகை, வண்டி எண் தெரிந்தால் சற்று விலகி நின்று மீண்டும் எடுங்கள். கைபேசிக் கேமராவின் அமைப்பில் இடக்குறிப்பு இயங்கினால், எடுத்த இடம் படத்திற்குள்ளேயே பதிவாகிவிடும். முதலில் அதை அணைத்துவிடுங்கள். பூட்டிய கதவின் படத்தை ஊரிலிருந்து திரும்புமுன் எங்கும் வெளியிட வேண்டாம்.

பரிசு பெற்றோரைக் கிளை மேலாளர் தொலைபேசியில் அழைத்துக் கிளைக்கு வரச் சொல்வார். அதற்குமேல் எதையும் கேட்க மாட்டார். ஒருமுறைக் கடவுச்சொல், அட்டை எண், பதிவுக் கட்டணம், தொடுப்பு ஒன்றை அழுத்துதல் என எதைக் கேட்டாலும் அழைப்பு எங்களுடையதன்று. துண்டித்துவிட்டுக் கிளைக்குத் தெரிவியுங்கள்.

முடிவுகள் பிப்ரவரி இதழில் வெளிவரும். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு பெயர்களுக்கு இடம் ஒதுக்கியுள்ளோம். சென்ற ஆண்டுப் படமும் அதே இதழில், குமாவுன் அத்தையின் இசைவோடும் பெயரோடும், மறுபடி வெளியாகும். அவருக்குச் சேர வேண்டிய பாதித் தொகையைச் சென்ற மாதம் அனுப்பிவிட்டோம். மருமகனிடமிருந்து எதையும் திரும்பக் கேட்கவில்லை.