மறுக்க ஆளிருந்தால்தான் அது வாதம்

‘சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான்.’ ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தாக மாணவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். நூலைத் திறந்தால் முடிந்துபோகும் செய்தி இது. இருபது பக்கம் எழுத என்ன இருக்கிறது?

இதையே, ‘கோவலன் சாவுக்கு ஊழ்வினையைவிட மன்னனின் விசாரணையின்மையே காரணம்’ என்று மாற்றிப் பாருங்கள். உடனே ஒருவர் எழுந்து மறுக்கலாம். மதுராபதித் தெய்வமே கோவலனின் முற்பிறவிப் பழியைக் கண்ணகியிடம் சொல்கிறதே என்பார். அவர் கையிலும் நூல் ஆதாரம் இருக்கிறது. பொற்கொல்லன் சொல்லை அப்படியே நம்பி, ஊடிய தேவியைத் தேடிப் போகும் வழியில் மன்னன் ஆணையிடுவதை நாம் காட்டலாம். சிலம்பின் பரல் மாணிக்கம் என்று தெரிந்ததும் அவன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொள்வதையும் காட்டலாம். ஊழைப் பற்றிய பகுதிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அங்கேதான் கட்டுரை நகரத் தொடங்குகிறது.

எழுதியதை எதிர்மறையாக்கிப் பாருங்கள். நூலைப் படித்த ஒருவர் அந்த எதிர்மறையை ஆதாரத்தோடு சொல்ல முடியுமா? ‘பாண்டியன் ஆணையிடவில்லை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘சிலப்பதிகாரம் அழகான காப்பியம்’ என்பதை மறுக்கலாம். ஆனால் எந்த வரியைக் காட்டித் தீர்ப்பது? அது ரசனை. என்னைக் கேட்டால், பேராசிரியர்கள் அதிகம் மன்னித்துவிடும் பிழை அதுதான்.