ஃப்ரிட்ஜ்ல வெச்ச தயிர் எங்க போச்சு?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். மெயில் அனுப்பிய நேயரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு தயிர் டப்பாவைப் பத்திப் பேசப் போறோம்.

கீழ்பென்னாத்தூர்ல இருந்து ஒரு நேயர் மெயில் போட்டிருந்தாங்க. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போற ரோட்டுல இருக்கற ஊர். அங்க ஒரு சின்ன ஆபீஸ், மொத்தம் ஒன்பது பேர். இவங்கதான் எல்லாரையும் விட சின்னவங்க. வீடு திருவண்ணாமலையில. காலையில பஸ் பிடிச்சு வந்து, தயிர் டப்பாவை ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவாங்க. மதியம் வெறும் சாதத்துல அந்தத் தயிரைப் போட்டுப் பிசைஞ்சு, ஊறுகாயோட சாப்பிடுவாங்க. அவ்ளோதான் லஞ்ச்.

ஏப்ரல் மாசம், ரெண்டு வாரத்துல மூணு தடவை தயிர் காணோம். மூணாவது தடவை கோவம் வந்து, ராத்திரி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இப்படி எழுதிட்டாங்க: "கொஞ்ச நாளா ஃப்ரிட்ஜ்ல எல்லாரோட சாப்பாடும் காணாம போகுது. யார் எடுக்கறீங்கன்னு தெரியல. தயவுசெஞ்சு நிறுத்திக்கோங்க."

ஒருத்தர் கட்டைவிரல் போட்டார். மத்தவங்க பார்த்துட்டு அமைதி. மறுநாள் காலையில ஆபீஸ் கூட்டற அக்கா வந்து, "நான் எடுக்கலம்மா, நான் அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கறதே இல்ல"ன்னு சொன்னாங்களாம். அந்த அக்கா குரூப்லயே இல்ல. யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. அன்னையிலிருந்து அவங்க அங்க டீ குடிக்கறதையும் நிறுத்திட்டாங்க.

"நான் அவங்களை நினைச்சு எழுதவே இல்ல. இதை எப்படி சரி பண்றது?" இதுதான் நேயரோட கேள்வி.

மெசேஜ்ல என்ன தப்பு?

மரியாதையாத்தானே எழுதியிருக்காங்க? 'தயவுசெஞ்சு'ன்னு கூட இருக்கு. ஆனா அதுல ரெண்டு சிக்கல்.

முதல் சிக்கல், பேர் சொல்லாத குற்றச்சாட்டு. 'யாரோ எடுக்கறீங்க'ன்னு பொதுவா சொன்னா, அது எல்லார் மேலயும் சமமா விழாது. ஆபீஸ்ல யாருக்கு சம்பளம் கம்மியோ, யார் எல்லா ரூமுக்கும் போய் வர்றாங்களோ, அவங்க மேலதான் முதல்ல விழும். எழுதினவங்க நினைக்கலைன்னாலும் படிக்கறவங்க மனசு அங்கதான் போகும். அந்த அக்காவுக்கு இது நல்லாவே தெரியும். அதனாலதான் யாரும் கேட்கறதுக்கு முன்னாடியே வந்து பதில் சொன்னாங்க.

ரெண்டாவது சிக்கல், 'எல்லாரோட சாப்பாடும் காணாம போகுது'ங்கற வரி. இதுக்கு அமெரிக்காவுல ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அரிசோனாவுல ஒரு தேசியப் பூங்கா, பேரு பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட். பல கோடி வருஷத்துல கல்லா மாறின மரங்கள் அங்க கிடக்கும். வர்றவங்க சின்னத் துண்டுகளைப் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவாங்க. ராபர்ட் சியால்டினிங்கற உளவியலாளரும் அவரோட குழுவும் அடையாளம் போட்ட துண்டுகளைப் பாதையில வெச்சு, வேற வேற போர்டு மாட்டிப் பார்த்தாங்க. ஒரு போர்டுல, இதுக்கு முன்னாடி வந்த பல பேர் எடுத்துட்டுப் போனதால பூங்காவோட இயற்கை நிலையே மாறிடுச்சுன்னு இருந்தது. இன்னொண்ணுல, தயவுசெஞ்சு எடுக்காதீங்கன்னு மட்டும். முதல் போர்டு இருந்தப்போ 100 துண்டுக்கு கிட்டத்தட்ட 8 காணாம போச்சு. ரெண்டாவதுக்கு 2 கூட இல்ல.

'எல்லாரும் எடுக்கறாங்க'ன்னு நாம புலம்பறப்போ, கேட்கறவர் காதுல விழறது 'ஓ, இங்க எல்லாரும் எடுக்கறாங்களா'ங்கறதுதான். அதனால நடக்கற தப்பைப் பெருசாக்கிச் சொல்லாதீங்க. போனது உங்க தயிர்னா, தயிர்னே சொல்லுங்க.

திருடன் ஒருத்தர்தானா?

சாப்பாடு காணோம்னா நம்ம மனசு உடனே ஒரு திருடனைத் தேடும். பல நேரம் அப்படி ஒருத்தர் இருக்கவே மாட்டார்.

மெல்போர்ன்ல பர்னெட் இன்ஸ்டிட்யூட்னு ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். அங்க டீ ஸ்பூன் காணாம போய்க்கிட்டே இருந்ததால ஆராய்ச்சியாளர்கள் அதையே எண்ணிப் பார்த்தாங்க. 70 ஸ்பூன்ல ரகசியமா நம்பர் போட்டு, அஞ்சு மாசம் கண்காணிச்சாங்க. 56 ஸ்பூன் போயிடுச்சு. 2005 டிசம்பர்ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல இது வந்தது. வேடிக்கையா எழுதினதுதான், ஆனா கணக்கு நிஜம். எல்லாருக்கும் பொதுவான ரூம்கள்ல பாதி ஸ்பூன் காணாம போக 42 நாள் ஆச்சு. ஒரு குறிப்பிட்ட குழுவோட ரூம்கள்ல அதுக்கு 77 நாள். இது எங்க குழுவோடதுங்கற எண்ணம் இருந்த இடத்துல பொருள் கொஞ்சம் அதிக நாள் தங்கியிருக்கு.

நம்ம ஆபீஸ்ல இன்னொரு குழப்பமும் உண்டு. நாம லஞ்ச் சாப்பிடறதே பகிர்ந்துதான். "ஒரு வாய் எடுத்துக்கோங்க"ன்னு டப்பாவை நீட்டறோம், பக்கத்துல இருக்கறவர் பொரியல்ல கை வைக்கறோம். ஒரு மணிக்கு மேஜையில இருக்கறப்போ பாதி பொதுவா இருக்கற டப்பா, பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ்ல இருக்கறப்போ முழுக்க உங்களோடது. இந்தக் கோடு உங்க மனசுல இருக்கு. டப்பாவுல எழுதியிருக்கா?

அதனால பேசறதுக்கு முன்னாடி டப்பாவைப் பாருங்க. டப்பா கழுவிக் கவுத்து வெச்சிருந்தா, எடுத்தவர் அதைப் பொதுன்னு நினைச்சிருக்கலாம். ஒளிச்சு எடுக்கறவர் கழுவி வைக்க மெனக்கெட மாட்டார். டப்பாவே இல்லைன்னா, யாரோ தன்னோடதுன்னு மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கலாம், இல்ல கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருக்கலாம். உள்ள கொஞ்சம் மட்டும் குறைஞ்சிருந்து, டப்பா திரும்ப அதே இடத்துல இருந்தாத்தான், தெரிஞ்சே கை வெச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம். இது தீர்ப்பு இல்ல. எப்படிக் கேட்கணும்னு முடிவு பண்ண ஒரு குறிப்பு, அவ்ளோதான்.

நான் நேயருக்குத் திருப்பி எழுதி, டப்பா எப்படி இருந்ததுன்னு கேட்டேன். "மூணு தடவையும் கழுவி வெச்சிருந்தது"ன்னு பதில் வந்தது.

எப்படிக் கேட்டாங்க?

முதல்ல அக்காகிட்ட போகச் சொன்னேன், குரூப்புக்கு அப்புறம் வரலாம்னு. தனியா இல்லாம, நாலு பேர் இருக்கறப்போ. இவங்க சொன்னது இது: "அக்கா, நான் மெசேஜை சரியா எழுதல. உங்களை நினைச்சு எழுதல. எழுதின விதம் என் தப்பு." அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். சந்தேகம் எல்லார் முன்னாடியும் விழுந்ததால அதை எடுக்கறதும் எல்லார் முன்னாடியும்தான் நடக்கணும்.

அப்புறம் லஞ்ச் மேஜையில, எல்லாரும் டப்பா திறந்த நேரத்துல, சீனியரைப் பார்த்து ஒரு கேள்வி: "சார், மேல்தட்டுல இருக்கற ஸ்டீல் டப்பா தயிர் பொதுவா? என்னோடதும் அதே மாதிரி டப்பாதான். மூணு நாள் காலியா இருந்துச்சு, அன்னைக்கு வெறும் சாதம்தான் சாப்பிட்டேன். இனிமே பேர் எழுதி கீழ்த்தட்டுல வெச்சுக்கட்டுமா?"

இதுல மூணு விஷயம் இருக்கு. என்ன போச்சு, அதனால எனக்கு என்ன ஆச்சு, இனிமே என்ன பண்ணலாம். 'யார்'ங்கற கேள்வி மட்டும் இல்ல. எடுத்தவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும், மானம் போகாம பதில் சொல்ல ஒரு வழி இருக்கு. லேசா பேசறதுன்னா இதுதான். சிரிச்சுக்கிட்டே குத்திக் காட்டறது லேசா பேசறதுல சேராது. "நம்ம ஆபீஸ்ல தயிர் பூனை சுத்துது போல"ன்னு ஜோக் அடிச்சா எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா யாரும் பதில் சொல்ல முடியாது.

சீனியர் சார் கையில எடுத்த சோத்தைக் கீழ வெச்சுட்டார். "ஐயோ, அது உன்னோடதாம்மா?"

நடந்தது இதுதான். வெயிலுக்காக ஆபீஸ்ல எல்லாரும் காசு போட்டு பாக்கெட் தயிர் வாங்கி, ஒரு ஸ்டீல் டப்பாவுல ஊத்தி வெப்பாங்க. பதினோரு மணிக்கு சார்தான் நீர்மோர் கலக்குவார். பொதுத் தயிர் தீர்ந்த நாள்ல, பக்கத்துல இருந்த டப்பாவும் பொதுன்னு நினைச்சு எடுத்திருக்கார். கழுவி வெச்சதும் அவர்தான். அந்த மோரை இவங்களும் குடிச்சிருக்காங்க!

இப்போ கீழ்த்தட்டு தனித்தனி ஆளோடது, மேல்தட்டு பொது. மாஸ்கிங் டேப்புல பேரும் தேதியும். பேர் எடுத்தவரைத் தடுக்கும், தேதி தூக்கிப் போடறவரைத் தடுக்கும்.

லேசா பேசக்கூடாத நேரம்

எல்லாக் கதையும் மோர்ல முடியாது. பேர் எழுதி, ஒரு தடவை மேஜையில பேசின பிறகும் போகுதுன்னா, அது குழப்பம் இல்ல. அப்போ குரூப்ல போடாம, தேதியைக் குறிச்சு வெச்சு மேலாளர்கிட்ட தனியா சொல்லுங்க. சர்க்கரை நோய் இருக்கறவரோட சாப்பாடோ, இன்சுலினோ காணோம்னா முதல் தடவையே நேரா சொல்லிடுங்க. அங்க நாசூக்குக்கு இடமில்ல.

இன்னொண்ணு, பழிவாங்கறேன்னு டப்பாவுல பேதி மாத்திரை கலக்கற ஐடியா. ரீல்ஸ்ல சிரிப்பா இருக்கும். ஆனா தீங்கு செய்யற எண்ணத்தோட ஒருத்தரை அந்த மாதிரி பொருளைச் சாப்பிட வைக்கறது பாரதிய நியாய சன்ஹிதா 123ஆம் பிரிவுல வரக்கூடிய குற்றம், 10 வருஷம் வரைக்கும் தண்டனை. கீழ்பென்னாத்தூர் கதையில அப்படிக் கலந்திருந்தா, அதை மோர்ல குடிச்சிருக்கப் போறது மொத்த ஆபீஸும்தான்.

நேயர்கிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன். அக்கா திரும்ப டீ குடிக்கறாங்களா?

"நாலு நாள் ஆச்சு. அஞ்சாவது நாள் அவங்களே டம்ளர் எடுத்துட்டு வந்தாங்க. சார் இப்போ முதல் டம்ளர் மோரை அவங்களுக்குத்தான் கொடுக்கறார்"னு எழுதியிருந்தாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.