விக்கிரவாண்டியில் 25 நிமிடம்

திருச்சி போகும் வழியில் விக்கிரவாண்டி அருகே சாப்பிட இறங்கினோம். காரைச் சார்ஜில் போட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தோம். திரும்பி வந்து ஆப்பில் ரசீதைப் பார்த்தால், மின்சாரத்துக்குக் கீழே இன்னொரு வரி: 147 ரூபாய் 50 காசு. சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் கன்னைக் கழற்றாமல் விட்டதற்கான ஐடில் கட்டணம் அது.

அன்றைய கணக்கையே பார்ப்போம். பேட்டரி 40 யூனிட் பிடிக்கும். 20 சதவீதத்தில் போட்டு 80-இல் நிறுத்தினால் உள்ளே சேர்வது 24 யூனிட். ஆனால் வழியில் கொஞ்சம் சூடாகவும் பேட்டரியைக் குளிர்விக்கவும் போய்விடுவதால் ரசீதில் 25.5 யூனிட் வந்தது. யூனிட் 22 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 662 ரூபாய். நெடுஞ்சாலை வேகத்தில் என் கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும். 24 யூனிட்டில் 144 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 60 காசு.

லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார், லிட்டர் 101 ரூபாய் விலையில் அதே தூரத்துக்கு 808 ரூபாய் குடித்திருக்கும். எனக்கு மிச்சம் 146 ரூபாய். ஐடில் கட்டணம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. சலுகை நேரம் போக 25 நிமிடம், நிமிடத்துக்கு 5 ரூபாய், அதற்கும் வரி. அவ்வளவுதான்.

வீட்டில் யூனிட் 8 ரூபாய்க்குப் போட்டால், பத்து சதவீத இழப்பையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். மின்சாரக் கார் மலிவு என்ற பேச்சின் பெரும்பகுதி இந்த வீட்டுச் சார்ஜிங்கை வைத்துத்தான். வெளியில் வரிக்கு முந்தைய விலை யூனிட்டுக்கு 27 ரூபாயை நெருங்கினாலே என் காருக்கு பெட்ரோலோடு சரிசமம். ஆப்பில் பெரிதாகத் தெரியும் விலை வரி சேர்ந்ததா, சேராததா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

யூனிட்டுக்குப் பதிலாக நிமிடத்துக்குக் காசு வாங்கும் முறையும் உண்டு. அங்கே கணக்கு வேறு மாதிரி திரும்பும். நிமிடம் 12 ரூபாய் என்று வைப்போம். 20-இலிருந்து 80 வரை 40 நிமிடத்தில் ஏறினால், வரியோடு 566 ரூபாய். கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய்கூட ஆகாது. ஆனால் 80-க்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மீதி 8 யூனிட் ஏற 35 நிமிடம் பிடித்தால் 496 ரூபாய் போய்விடும், கிடைப்பது 48 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல்!

இப்போதெல்லாம் ஆப்பில் 80 என்று நிறுத்தம் வைத்துவிட்டு, அது முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அடிக்கும்படி போனில் அலாரம் வைக்கிறேன். இலையில் மோர் சாதம் பாக்கி இருந்தாலும், கையைக் கழுவிவிட்டு முதலில் காரைத்தான் நகர்த்துகிறேன்.